நாளுக்கு 8, மாதத்துக்கு 100: எது பெரிது?

கேள்வி: "ஒன்பது வருடமாக ஒரு நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். தொகையைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. வரி பிடிப்பதற்கு முன் என் மாதச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நிறுவனத்துக்கு வேலை தரும் கிளையன்ட் ஒருவர், 'தனியாக வந்துவிடுங்கள், நாளுக்கு 8 தருகிறேன், வேலைக்குக் குறைவே இருக்காது' என்கிறார். மாதம் 22 நாள் என்றால் 176 ஆகிறது. வீட்டுச் செலவு மாதம் 60. வேலையை விட்டுவிடலாமா? ஒரு நண்பனுக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள்."

அன்புள்ள நண்பருக்கு,

இன்று இருக்கும் நிலையில், 8க்கு விட வேண்டாம். வேறு நிபந்தனைகளோடு விடலாம். அந்த நிபந்தனைகள் என்ன, எந்தக் கணக்கிலிருந்து அவை வருகின்றன என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த 22ஐப் பார்ப்போம். 22ஐ 12ஆல் பெருக்கினால் 264. ஒரு வருடத்தின் 365 நாளில் சனி, ஞாயிறு என்று 104 நாள் போய்விட்டால் மிச்சம் 261தான். அதாவது பண்டிகை இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், ஒரு நாள்கூட வெளியூர் போகாமல் உழைத்தாலும் உங்கள் 264 நாள் கிடைக்காது. சம்பளத்தில் இருக்கும்போது இது கண்ணில் படுவதில்லை. விடுமுறைக்கும் சேர்த்துத்தான் சம்பளம் வருகிறது, அதனால் மாதம் முழுக்க வேலை செய்ததாகவே மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது.

261லிருந்து பொது விடுமுறை 11 நாள், சொந்த விடுப்பு 15 நாள், உடம்பு சரியில்லாத நாள் 7 என்று கழியுங்கள். உங்கள் ஊர் வழக்கத்துக்குத் தக்கபடி இந்த எண்கள் கொஞ்சம் மாறும். மிச்சம் 228. மேசை முன் உட்காரக்கூடிய நாட்கள் இவை. பில் போடக்கூடிய நாட்கள் இவை அல்ல.

இந்த வித்தியாசத்தில்தான் பெரும்பாலானவர்கள் கணக்கைத் தவறவிடுகிறார்கள். புதிதாக ஒருவர் விசாரிக்கிறார் என்று வையுங்கள். அவரோடு பேச ஒரு மணி நேரம், அவர் அனுப்பும் பழைய கோப்புகளைப் படிக்க இரண்டு மணி நேரம், விலை குறித்து எழுதி அனுப்ப அரை நாள், திரும்பத் திரும்ப விளக்கம் சொல்ல இன்னும் இரண்டு மணி நேரம். ஒரு நாளுக்கு மேல் போய்விட்டது. நான்கு பேர் இப்படி விசாரித்து ஒருவர் வேலை கொடுத்தால், அந்த ஒரு வேலைக்கு முன் நான்கைந்து நாள் செலவாகியிருக்கிறது. அந்த நாட்களுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். நிறுவனத்தில் இதை விற்பனைப் பிரிவு பார்த்துக்கொண்டது. பில் போடுவதைக் கணக்குப் பிரிவு பார்த்தது. வராத பணத்துக்கு ஃபோன் செய்ய ஓர் ஆள் இருந்தார். கம்ப்யூட்டர் படுத்தால் சரி செய்யவும் ஒருவர் இருந்தார். இனி எல்லாம் நீங்கள்தான். இதோடு, ஒரு வேலை முடிந்து அடுத்தது ஆரம்பிப்பதற்குள் வரும் இடைவெளிகளும் புதிதாகக் கற்றுக்கொள்ளும் நேரமும் இருக்கின்றன.

கையில் ஓரளவு கிளையன்ட்கள் இருப்பவருக்கு இவையெல்லாம் 228ல் 35 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் என்று வைத்துக் கணக்கிடுவது நிதானமான வழி. 80 நாள் போய்விடுகிறது. பில் போட 148 நாள் மிஞ்சுகிறது. முதல் வருடத்துக்கு நான் பாதிதான் எழுதச் சொல்வேன், அதாவது 114. இது கணிப்புதான், உங்கள் தொழிலில் கூடலாம், குறையலாம். ஆனால் 264 என்று எழுதிவிட்டுப் பின்னால் அதிர்வதைவிட 148 என்று எழுதிவிட்டுப் பின்னால் மகிழ்வது மேல்.

அடுத்து, அந்த நாட்களில் எவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்பது. வருடத்துக்கு 1200 என்று சொல்லத் தோன்றும். அது சம்பளச் சீட்டில் தெரிகிற பகுதி மட்டும். நிறுவனம் உங்களுக்காகக் கட்டுவதில் சீட்டில் தெரியாத பகுதி ஒன்று உண்டு. அதை உங்கள் நியமனக் கடிதத்தையும் மனிதவளப் பிரிவில் கிடைக்கும் விவரத்தையும் வைத்து நீங்களே நிரப்ப வேண்டும். மாதிரிக்கு நான் நிரப்பிக் காட்டுகிறேன்: வருட போனஸ் ஒரு மாதச் சம்பளம், 100. ஓய்வுக்கால நிதிக்கு நிறுவனம் போடும் பங்கு சம்பளத்தில் பத்தில் ஒன்று, 120. குடும்ப மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் 40. கம்ப்யூட்டரும் மென்பொருள் சந்தாக்களும் 60. உங்கள் மேசையில் இருக்கும் லேப்டாப் கடைசி நாளில் திரும்பப் போய்விடும் என்பதை மறக்காதீர்கள். புதிதாக வரும் செலவுகள், அதாவது ஆடிட்டர் கட்டணம், இணைய இணைப்பு, உட்கார ஓர் இடம், தொழில் பொறுப்புக் காப்பீடு எல்லாம் சேர்த்து 50. கூட்டினால் 1570.

இதற்கு மேல் ஒரு சிறு துண்டும் வேண்டும். போடும் பில்லெல்லாம் முழுதாக வந்து சேராது. ஒருவர் கடைசிக் கட்டத்தைத் தராமல் இழுப்பார், ஒருவர் தரம் போதவில்லை என்று குறைப்பார். நூற்றுக்கு ஐந்து போகும் என்று வைத்தால் 1570ஐக் கையில் பார்க்கச் சுமார் 1650க்கு பில் போட வேண்டும். இவ்வளவும் செய்தால் இன்றைய உங்கள் நிலைக்குச் சமமாக இருப்பீர்கள், ஒரு காசு கூடுதலாக இல்லை.

இப்போது வகுத்துப் பாருங்கள். 1650ஐ 148ஆல் வகுத்தால் 11க்குச் சற்று மேல். முதல் வருட 114 நாளில் வகுத்தால் 14.5. அவர் தருவதாகச் சொல்வது 8. திருப்பிப் போட்டால் இன்னும் தெளிவாகும்: நாளுக்கு 8 வாங்கி 1650க்கு பில் போட 206 நாள் வேண்டும். வேலை செய்யக்கூடிய 228 நாளில் 206 நாளுக்கும் ஒருவர் பணம் தர வேண்டும், மற்ற எல்லா வேலைக்கும் சேர்த்து வருடத்துக்கு 22 நாள் மட்டும் மிஞ்ச வேண்டும். மாதத்துக்கு இரண்டு நாள்கூட இல்லை. அந்த இரண்டு நாளுக்குள் பில், வசூல் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் புதிய கிளையன்டையும் தேட முடியாது.

"அவர்தான் வேலைக்குக் குறைவில்லை என்கிறாரே, வேறு கிளையன்டை ஏன் தேட வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், அதனால் அதையும் கணக்கிலேயே பார்த்துவிடுவோம். 228 நாளும் அவரே வேலை தந்து, ஒரு பைசா பாக்கி வைக்காமல் கொடுத்தால் 1824 வரும். 1570 போக 254 மிச்சம். மாதத்துக்கு 21. நீங்கள் மனதில் வைத்திருந்த கூடுதல் 76. உண்மையில் கிடைப்பது, எல்லாம் சரியாக நடந்தால், 21.

அந்த 21க்காக நீங்கள் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. இன்று உங்களை அனுப்ப வேண்டுமானால் நிறுவனம் முன்னறிவிப்பு தர வேண்டும், கணக்கு முடிக்க வேண்டும், சட்டம் சொல்வதைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியிராவிட்டால் இந்தக் கிளையன்ட் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஃபோன் செய்து "இந்த மாதத்தோடு போதும்" என்று சொல்லிவிடலாம். ஒரே இடத்தில் தினமும் எட்டு மணி நேரம், அவர் சொல்லும் வேலை, மாதா மாதம் ஒரே தொகை என்றால் அது வேலைதான். வேலையின் பாதுகாப்பை மட்டும் கழற்றிவிட்டிருக்கிறார்கள்.

இது என் அபிப்பிராயம் மட்டும் அல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006ல் வேலை உறவு பற்றி 198ஆம் எண் பரிந்துரையை ஏற்றது. ஒப்பந்தத்தில் எந்தப் பெயர் போட்டிருக்கிறது என்பதைப் பார்க்காமல், நடப்பு எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் ஒருவர் ஊழியரா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். பார்க்க வேண்டிய அடையாளங்களையும் அதுவே சொல்கிறது: வேலை இன்னொருவரின் உத்தரவிலும் கட்டுப்பாட்டிலும் நடக்கிறதா, குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் இருக்க வேண்டுமா, வேறு ஆளை அனுப்பாமல் நீங்களேதான் செய்ய வேண்டுமா, கருவிகளைக் கொடுப்பது யார், அந்தப் பணம்தான் உங்கள் ஒரே வருமானமா அல்லது முக்கிய வருமானமா, தொழிலின் நஷ்டத்தில் உங்களுக்குப் பங்கு இல்லையா. பல நாடுகள் இதைத் தங்கள் வழியில் சட்டமாக வைத்திருக்கின்றன. எதற்கு எவ்வளவு எடை என்பது மாறும். பொதுவாக ஒன்று சொல்லலாம். இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு "ஆமாம், ஊழியரைப் போலத்தான்" என்று பதில் வந்தால், நாளை வரித் துறையோ தொழிலாளர் துறையோ அந்த ஏற்பாட்டைப் பிரித்துப் பார்க்கும்போது பழைய வரி, அபராதம் என்று தலைவலி வரும். அது கிளையன்டுக்கும் நல்லதில்லை. அவரிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். அவருடைய ஆடிட்டருக்குப் புரியும்.

பணத்தின் அளவைப் பார்த்தோம். அது எப்போது வரும் என்பதை இனிப் பார்க்க வேண்டும். நல்ல கட்டணம் பேசியவர்களும் தடுமாறுவது இங்கேதான்.

முதல் தேதி வேலை ஆரம்பிக்கிறீர்கள். மாதக் கடைசியில், 30ஆம் நாள், இன்வாய்ஸ் அனுப்புகிறீர்கள். பல நிறுவனங்கள் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாள் அவகாசம் எடுக்கும். ஆயிற்று 60ஆம் நாள். கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை, ஆர்டர் எண் விட்டுப்போயிற்று, பணம் அனுப்பும் நாள் வாரத்துக்கு ஒரு முறைதான் என்று இன்னும் பதினைந்து நாள். 75ஆம் நாள்தான் முதல் பணம் உங்கள் கணக்கில் விழும். யாரும் ஏமாற்றவில்லை, எல்லாரும் நல்லவர்கள், ஆனாலும் இரண்டரை மாதம். உங்கள் வீட்டுச் செலவு 60 என்றால் அதற்குள் 150 கரைந்திருக்கும்.

இதே கிளையன்ட், இதே கட்டணம், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இன்வாய்ஸ், 14 நாள் அவகாசம் என்று பேசியிருந்தால்? 14ஆம் நாள் பில், 28ஆம் நாள் கெடு, அதே பதினைந்து நாள் தாமதம் சேர்த்தாலும் 43ஆம் நாள் பணம் வந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் மிச்சம், அதுவும் கட்டணத்தில் ஒரு காசும் கேட்காமல். கட்டணத்தை உயர்த்த மறுப்பவர்கூட இதற்குச் சம்மதிப்பது உண்டு. அதனால் பேச்சுவார்த்தையில் இதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்வாய்ஸ் தாமதத்தில் பாதி நம் பக்கத்துப் பிழையாலும் வரலாம். வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே அவர்கள் கணக்குப் பிரிவில் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: இன்வாய்ஸ் எந்த முகவரிக்குப் போக வேண்டும், அதில் எந்த ஆர்டர் எண் இருக்க வேண்டும், பணம் அனுப்பும் நாள் எது. இன்வாய்ஸில் கெடு நாளை "30 நாளில்" என்று எழுதாமல் தேதியாகவே எழுதுங்கள். கெடுவுக்கு மூன்று நாள் முன்பு ஒரு வரியில் நினைவூட்டுங்கள். கெடு தாண்டிய ஏழாம் நாள் ஃபோன் செய்யுங்கள். பதினைந்து நாள் தாண்டியும் வரவில்லை என்றால் புதிய வேலையை நிறுத்திவைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் நிறுத்தினால் சண்டை போடுவதாகத் தெரியும். வரி இருந்தால் அது வெறும் நடைமுறை.

இனி, கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும் என்பது. "ஆறு மாதச் செலவு" என்று பொதுவாகச் சொல்வார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியும். முதல் பணம் வரும்வரை 150. ஒரே கிளையன்ட் திடீரென்று நின்றால் அடுத்ததைப் பிடித்து அதிலிருந்து பணம் வர மூன்று மாதம், 180. கம்ப்யூட்டர், மென்பொருள் போன்ற முதல் மாதச் செலவு 30. மொத்தம் 360, உங்கள் வீட்டுச் செலவில் சரியாக ஆறு மாதம். வீட்டில் இன்னொருவர் சம்பளம் வருகிறது என்றால் குறைத்துக்கொள்ளலாம். கடன் தவணை இருக்கிறது என்றால் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த 360ல் வரிப் பணம் கிடையாது. சம்பளத்தில் வரியை நிறுவனமே பிடித்துக் கட்டிவிட்டு மிச்சத்தைத்தான் உங்களிடம் தந்தது. இனி முழுத் தொகையும் உங்கள் கைக்கு வரும், எல்லாம் உங்களுடையது போலத் தோன்றும். பணம் வந்த அன்றே நான்கில் ஒரு பங்கை வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் நாட்டில் உங்கள் வருமானத்துக்கு வரி எவ்வளவு என்று ஆடிட்டரிடம் கேட்டு அந்தப் பங்கைச் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் கேட்கும்வரை மாற்றாமல் இருக்காதீர்கள். இரண்டாம் வருடம் இதில் ஒரு குழி இருக்கிறது. பல நாடுகளில் தனியாகத் தொழில் செய்பவர் நடப்பு வருடத்துக்கான வரியைத் தவணை தவணையாக முன்கூட்டியே கட்ட வேண்டும். முதல் வருடம் இது தெரியாமல் விட்டவருக்கு, போன வருட பாக்கியும் இந்த வருட முன்வரியும் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். நன்றாகச் சம்பாதித்தவர் கடன் வாங்குவது பெரும்பாலும் அந்த மாதத்தில்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இன்னொரு வார்த்தை, "எங்கள் நிறுவனத்துக்கு வேலை தரும் கிளையன்ட்" என்பது. வேறு எதையும் செய்வதற்கு முன் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வேலையை விட்ட பின் இத்தனை மாதத்துக்கு நிறுவனத்தின் கிளையன்ட்களிடம் வேலை வாங்கக் கூடாது என்று ஒரு பிரிவு அதில் இருக்கலாம். இப்படிப்பட்ட பிரிவு எந்த அளவுக்குச் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் அறவே செல்லாது, சில இடங்களில் நியாயமான அளவுக்குச் செல்லும். அந்தக் கேள்விக்கு உள்ளூர் வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள், அந்தக் கட்டணம் வீண் போகாது. கிளையன்டுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், உங்கள் ஆட்களை நாங்கள் எடுக்க மாட்டோம் என்று அவர் எழுதிக்கொடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதை நீங்கள் பார்க்க முடியாது, அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதுவரை அவரோடு நடக்கும் பேச்சு எதுவும் அலுவலக மின்னஞ்சலில் இருக்க வேண்டாம். அலுவலகத்தில் செய்த வடிவமைப்புகளின் மூலக் கோப்புகள் நிறுவனத்தின் சொத்து. "மாதிரிக்கு வைத்துக்கொள்கிறேன்" என்று எடுத்துப் போவதும் வேண்டாம்.

இதெல்லாம் தடையில்லை என்றால், அவருக்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்றைக் கணக்கோடு தருகிறேன். 11 கேட்டுவிட்டு அவர் மறுத்தால் எழுந்து வருவது ஒரு வழி. அதைவிட எனக்குச் சரியாகப் படுவது வேறு. கட்டணத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நாட்களுக்கு உறுதி வாங்குங்கள். நாளுக்கு 10, மாதம் 12 நாளுக்குக் குறையாமல் பணம் தருவதாக எழுத்தில் உறுதி, அவர் வேலை தந்தாலும் தராவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு ஒரு இன்வாய்ஸ், 14 நாள் அவகாசம், நிறுத்துவதானால் 60 நாள் முன்னறிவிப்பு, வடிவமைப்பின் உரிமை முழுப் பணமும் வந்த பிறகே அவருக்கு மாறும். உங்கள் விடுப்பு, பண்டிகைகளுக்கு ஒரு மாதம் போனால், வருடத்துக்கு 11 மாதம், 132 நாள், 1320. தேவையான 1650ல் மிச்சம் 330. அதை வேறு சிறு கிளையன்ட்களிடம் நாளுக்கு 12 வீதம் வாங்கினால் 28 நாள். மொத்தம் 160 நாள். 228ல் 68 நாள் மற்ற வேலைகளுக்கு இருக்கிறது. இது செய்யக்கூடிய கணக்கு.

அவருக்கு இதில் என்ன லாபம் என்று நீங்கள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இன்று உங்கள் நிறுவனத்துக்கு அவர் தரும் கட்டணம் பெரும்பாலும் 10க்கு மேல் இருக்கும். உங்கள் சம்பளத்தோடு நிறுவனத்தின் இடம், மேலாளர், லாபம் எல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. 8 என்பதை அவர் உங்கள் சம்பளத்தை ஊகித்துச் சொல்லியிருப்பார், தான் இப்போது கொடுப்பதை வைத்துச் சொல்லியிருக்க மாட்டார். பேச்சை அவர் கொடுக்கும் தொகைப் பக்கம் திருப்புங்கள்.

இந்த ஏற்பாட்டிலும் ஒரு குறை இருக்கிறது, மறைக்கவில்லை. வருமானத்தில் நூற்றுக்கு எண்பது ஒரே ஆளிடமிருந்து வருகிறது. இது ஆரம்பிக்கப் போதும், தங்கப் போதாது. மிஞ்சும் 68 நாளில் மாதம் இரண்டு நாளாவது புதிய ஆட்களைத் தேடுவதற்கென்று ஒதுக்கி, ஒன்றரை வருடத்துக்குள் அவருடைய பங்கைப் பாதிக்குக் கீழே கொண்டுவாருங்கள். வேலை நிறைய இருக்கும் மாதத்தில்தான் இந்த இரண்டு நாளை வெட்டத் தோன்றும். அப்படி வெட்டினால் மூன்று மாதம் கழித்து மேசை காலியாக இருக்கும், ஏனென்றால் இன்று பேசுபவர் வேலை கொடுக்க ஏறக்குறைய அவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறார்.

சிறு கிளையன்ட்களிடம் மொத்த விலை பேசி வேலை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 10 நாள் வேலை என்று 120 பேசுகிறீர்கள். முதல் வடிவம் அனுப்பிய பிறகு "இந்தப் பக்கத்தையும் சேர்த்துவிடுங்களேன்", "நிறத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா" என்று வரும். ஒவ்வொன்றும் அரை நாள்தான், மறுக்கவும் கூச்சமாக இருக்கும். வேலை 15 நாளில் முடிந்தால் நாளுக்கு 12 என்று நினைத்தது 8 ஆகிவிட்டது. எந்த 8ஐ வேண்டாம் என்றீர்களோ அதே 8. விலை எழுதும்போதே எத்தனை பக்கம், எத்தனை வடிவம், எத்தனை முறை திருத்தம் (இரண்டு என்பது வழக்கமான எண்), அதற்கு மேல் நாளுக்கு எவ்வளவு என்று எழுதிவிட்டால், மூன்றாவது திருத்தம் கேட்கும்போது "செய்கிறேன், அது கூடுதல் அரை நாள், 6 ஆகும், சம்மதமா?" என்று ஒரு வரியில் பதில் எழுதலாம். கோபமோ கெஞ்சலோ வேண்டியிருக்காது. மூன்றில் ஒரு பங்கை அட்வான்ஸாக வாங்காமல் புதிய ஆளுக்கு வேலை ஆரம்பிக்கவும் வேண்டாம். அட்வான்ஸ் தரத் தயங்குபவர் கடைசித் தவணைக்கும் தயங்குவார்.

ராஜினாமாவுக்கு முன் வேலையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில உண்டு. வீட்டுக் கடன், வாகனக் கடன் எதாவது வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே வாங்குங்கள். தனித் தொழில் செய்பவரிடம் வங்கிகள் பொதுவாக இரண்டு மூன்று வருடக் கணக்கைக் கேட்கும். குடும்பத்துக்குச் சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். பல பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அந்தக் காலம் நிறுவனக் காப்பீட்டின் நிழலிலேயே ஓடட்டும். போனஸ் எந்தத் தேதியில் வருகிறது, அன்று ஊழியராக இருக்க வேண்டுமா என்று பாருங்கள். இரண்டு வாரம் பொறுத்தால் ஒரு மாதச் சம்பளம் கிடைக்கும் என்றால் பொறுத்துவிடுங்கள். எடுக்காத விடுப்புக்குப் பணம் உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெளியே வந்த பிறகு இரண்டு எண்களை மட்டும் மாதா மாதம் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்: அந்த மாதம் பில் போட்ட நாட்கள் எத்தனை, இன்வாய்ஸ் அனுப்பியதிலிருந்து பணம் வர எத்தனை நாள் ஆயிற்று. முதல் எண் 12க்குக் கீழே இரண்டு மாதம் தொடர்ந்தால் கட்டணமோ தேடலோ எங்கோ தவறுகிறது. இரண்டாவது எண் மெதுவாக ஏறிக்கொண்டே போனால், 30 ஆக இருந்தது 40, பிறகு 55 என்று ஆனால், அந்தக் கிளையன்டிடமே பணத் தட்டுப்பாடு வந்திருக்கலாம். அவர் சொல்வதற்கு முன் இந்த எண் சொல்லிவிடும். அப்போது அவருக்குச் செய்யும் வேலையைக் குறைத்து, பாக்கியை வசூலிப்பதில் இறங்குங்கள்.

திரும்பிப் போகும் கோட்டையும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள், மனம் தெளிவாக இருக்கும்போது. 360 குறைந்து 180க்கு வந்த நாள், மறுபடி சம்பள வேலை தேட ஆரம்பிக்கும் நாள். 180 என்பது மூன்று மாதச் செலவு. விண்ணப்பம், நேர்முகம், சேரும் தேதி, முதல் சம்பளம் என்று வேலை தேடவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். 60க்கு வந்த பிறகு தேடினால் கிடைத்த முதல் வேலையை, கொடுத்த சம்பளத்துக்கு வாங்க வேண்டிவரும். இந்த எண்ணை வீட்டிலும் சொல்லிவையுங்கள், எந்தத் தொகையில் நீங்கள் நின்று யோசிப்பீர்கள் என்பது அவர்களுக்கும் தெரியட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது நியமனக் கடிதத்தைப் படிப்பதும், நான் மாதிரிக்குப் போட்ட 1570ஐ உங்கள் உண்மையான எண்களால் நிரப்புவதும். பிறகு அவரைச் சந்தித்து 10, 12 நாள், 14 நாள், 60 நாள் என்ற நான்கையும் சொல்லுங்கள். எழுத்தில் தர அவர் சம்மதித்தால், ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்ட மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுக்கலாம். கட்டணத்தில் பேரம் பேசினால் பேசுங்கள், 9.5 வரை இறங்கலாம். நாட்களின் உறுதியை மட்டும் எழுத்தில் தர முடியாது என்று அவர் சொன்னால், வேலைக்குக் குறைவே இருக்காது என்ற பேச்சில் அவருக்கே உறுதி இல்லை என்று எடுத்துக்கொண்டு, இப்போதைக்கு இருக்கும் இடத்திலேயே இருங்கள்.